வினைச்சொல் வரை மூச்சு: விளக்கக் குரல் பதிவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆவணப்படம், பயணக் காணொளி, வரலாற்று விளக்கம் என்று எதுவானாலும், பின்னணியில் ஒரே குரல் ஐந்தாறு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டிய இடத்தில் புதியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே தவறுதான் நேர்கிறது. வாக்கியத்தின் தொடக்கம் முழங்குகிறது, முடிவு கரைந்துபோகிறது. தமிழில் இது ஆங்கிலம் போன்ற மொழிகளைவிடப் பெரிய சேதம், ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, நடந்து முடிந்ததா இனிமேல்தான் நடக்குமா என்பதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு அசைகளில் இருக்கிறது. "பாலம் விழ..." வரை தெளிவாகக் கேட்டு, "...வில்லை" மட்டும் மூச்சோடு சேர்ந்து தேய்ந்துவிட்டால், கேட்பவர் நேர்மாறான செய்தியோடு எழுந்து போவார்.

வேகம், மூச்சு, உச்சரிப்பு என்ற மூன்றையும் தனித்தனியாகப் பழகலாம். ஆனால் மூன்றுக்கும் நோக்கம் ஒன்று: கடைசிச் சொல்லுக்குப் போய்ச் சேரும்போது கையில் மூச்சு மிச்சமிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய ஆறு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை வேலை செய்து பார்ப்போம்.

முதல் படி: எழுத்தைக் குரலுக்கு மாற்றுவது

கண்ணால் படிப்பதற்கென்று எழுதிய பத்தி இப்படி இருக்கும்:

"1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டதும், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ளதும், மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்ததும், நடுவில் கப்பல்கள் கடந்து செல்வதற்காக மேலே எழும்பித் திறக்கும் பகுதியைக் கொண்டதுமான பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் தன் பெரும்பாலான கர்டர்களைக் கடலில் இழந்தபோதிலும் முற்றிலுமாக அழிந்துவிடவில்லை."

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்பதே பாதி வாக்கியம் தாண்டிய பிறகுதான் தெரிகிறது, என்ன ஆயிற்று என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. இதை ஒரே மூச்சில் எவராலும் வாசிக்க முடியாது. நடுவில் மூச்சு வாங்கினால் எங்கே வாங்குவது என்பதற்கு இயல்பான இடமும் இல்லை. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்த வாக்கியம் தோற்கடிக்கும். மூச்சுக் கோளாறு என்று பலர் நினைப்பதில் பாதி, உண்மையில் எழுத்துக் கோளாறு.

மாற்றி எழுதியது:

பாம்பன் ரயில் பாலம் / ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. //
ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். //
ஒரு முனையில் மண்டபம், / மறுமுனையில் ராமேஸ்வரம் தீவு. //
நடுவில், / கப்பல்கள் கடந்து போவதற்காக / மேலே எழும்பித் திறக்கும் ஒரு பகுதி. //
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, டிசம்பர். //
புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் / கடலுக்குள் போயின. //
நடுவில் இருந்த தூக்குப் பகுதி / விழவில்லை. //

இங்கே மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அடைமொழியாகக் குவிந்து கிடந்தவை தனி வாக்கியங்களாகப் பிரிந்தன. சில வாக்கியங்கள் வினையே இல்லாமல் பெயரில் முடிகின்றன. அச்சில் இது அரைகுறையாகத் தோன்றினாலும் காதுக்கு இயல்பாக இருக்கும். ஆண்டுகள் எல்லாம் எழுத்தில் எழுதப்பட்டன.

கடைசி மாற்றத்தைச் சோம்பலால் பலர் செய்வதில்லை. தாளில் "1964" என்பது நான்கு இலக்கம், கண்ணுக்கு ஒரே சொல். வாயில் அது நான்கு சொல், பதினைந்து அசை. எண்ணாக எழுதி வைத்தால், அந்த இடத்துக்கு வரும்போது மனம் ஒரு கணம் எண்ணைச் சொல்லாக மாற்றும் வேலையில் இறங்கும். அந்தத் தயக்கம் பதிவில் கேட்கும். அதை மறைக்க அடுத்த சொற்களை வேகமாக விழுங்குவதும் கேட்கும். "பத்தொன்பது அறுபத்து நான்கு" என்று சுருக்கிச் சொல்லப் போகிறீர்களா, முழுதாகவா என்பதையும் முன்பே முடிவு செய்து, காணொளி முழுக்க ஒரே மாதிரி வையுங்கள். பிப்ரவரியின் முதல் எழுத்தை "ஃபி" என்று ஒலிப்பதா "பி" என்று ஒலிப்பதா என்பதும் அப்படித்தான். இரண்டும் வழக்கில் உண்டு, ஆனால் ஒரே காணொளியில் இரண்டும் வரக்கூடாது.

ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்ற குறிகள் வெறும் அலங்காரமல்ல. / என்றால் குரலை நிறுத்த வேண்டும், மூச்சு வாங்கக் கூடாது, ஏறத்தாழ 0.3 விநாடி. // என்றால் மூச்சு வாங்கும் இடம், 0.7 முதல் 1 விநாடி. பத்தி மாறும் இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு விநாடி. நிறுத்தத்தையும் மூச்சையும் பிரித்துக் கையாளத் தெரியாமல், நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு சிறு மூச்சை இழுப்பதுதான் புதியவர்களின் பதிவில் கேட்கும் அந்த இரைப்புக்குக் காரணம்.

இன்னொன்று: தாளிலோ திரையிலோ ஒவ்வொரு வரியும் // குறியோடு முடியட்டும். வரி நடுவில் ஒடிந்தால் கண் ஒடியும் இடத்தில் குரலும் ஒடியும். கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ வைத்துப் படித்தால் தாள் சலசலப்பு இல்லை. அதைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். குனிந்து படித்தால் தொண்டை மடங்கும், ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரமும் வரிக்கு வரி மாறும்.

வேகத்தை அளப்பது

ஆங்கிலக் குரல் வழிகாட்டிகளில் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கு அடிக்கடி வரும். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மூச்சுத் திணறும். "கடந்து போவதற்காக" என்று நாம் இரண்டு சொல்லில் சொல்வதற்கு அவர்களுக்கு மூன்று நான்கு சிறு சொற்கள் தேவைப்படும். நம் சொற்கள் நீளமானவை. நிதானமான தமிழ் விளக்கக் குரல் இடைவெளிகளையும் சேர்த்து நிமிடத்துக்கு 85 முதல் 100 சொல்லுக்குள் இருந்தால் போதும்.

நம் பத்தியில் 43 சொற்கள். குறிகளை மதித்து வாசித்தால் 28 முதல் 30 விநாடி ஆகும். கைப்பேசி நிறுத்துக் கடிகாரத்தை வைத்து மூன்று முறை வாசித்துப் பாருங்கள். 22 விநாடியில் முடிந்துவிட்டால் // இடங்களைத் தாண்டி ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். 36 விநாடி ஆனால் சொற்களை இழுத்திருக்கிறீர்கள்.

மெதுவாகப் பேசு என்று சொன்னால் பெரும்பாலோர் உயிரெழுத்தை நீட்டுகிறார்கள். "திறக்கப்பட்டதூ..." என்று இழுபடும். தமிழில் நெடிலுக்கும் குறிலுக்கும் பொருள் வேறுபாடு உண்டு. குறிலை நீட்டினால் கேட்பவரின் காது தடுமாறும். சொல்லை அதன் இயல்பான வேகத்தில் சொல்லுங்கள், நிதானத்தை இடைவெளியில் காட்டுங்கள். வேகம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இடைவெளியின் அளவுதான்.

வேகம் ஒரே அமர்வுக்குள் நழுவுவதும் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் பதிவு செய்தபின், உள்ளடக்கம் பழகிவிடுவதால் நாக்கு தானாகவே ஓடத் தொடங்கும். களைப்பு கூடினால் எதிர்ப்பக்கம் போய் மந்தமாகும். இதற்கு எளிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. முதலில் திருப்தியாக வந்த இருபது விநாடியைத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும், மறுநாள் தொடரும்போதும், அதைக் காதுக்கருவியில் கேட்டுவிட்டு அதே வேகத்தில், அதே சுருதியில் தொடங்குங்கள். நினைவை நம்பிச் செய்தால் நேற்றைய குரலும் இன்றைய குரலும் இரண்டு ஆட்களைப் போலக் கேட்கும்.

காணொளி ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடத்துக்கும் எழுத வேண்டாம். ரயில் பாலத்தில் ஏறும் ஒலி, கடல் ஒலி இவற்றுக்கு இடம் விட்டு, 450 சொல் அளவில் நிறுத்திக்கொண்டால் எங்கும் அவசரப்பட வேண்டியிருக்காது. 600 சொல் எழுதிவிட்டு வேகத்தால் ஈடுகட்டலாம் என்று நினைப்பதில்தான் பல காணொளிகள் கெடுகின்றன.

மூச்சு: நிறைய வேண்டாம், நேரத்துக்கு வேண்டும்

நீண்ட வாக்கியம் வருகிறது என்றதும் நெஞ்சை நிரப்பி ஒரு பெரிய மூச்சு இழுப்பது இயல்பான எதிர்வினை. பலனோ நேர்மாறானது. நிரம்பி வழியும் மார்பு முதல் சொல்லிலேயே காற்றைத் தள்ளிவிடும். "பாம்பன்" என்பதன் முதல் "பா" ஒலிவாங்கியில் பட்டென்று அடிக்கும், நாலாவது சொல்லில் காற்று காலி. கடைசி வினைச்சொல் தேய்வதன் மூல காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு அல்ல, தொடக்கத்தில் நடந்த வீண்செலவு.

மூச்சு வயிற்றுப் பக்கமும் கீழ் விலாப் பக்கமும் விரிய வேண்டும், தோள் உயரக் கூடாது. சரிபார்க்க, இரு கைகளையும் கீழ் விலாவின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு மூச்சிழுங்கள். கைகள் வெளிப்பக்கம் நகர்ந்தால் சரி. தோள்தான் நகர்கிறது என்றால், நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நின்றுகொண்டு பதிவு செய்யுங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கி, விலா விரிய இடமிருக்காது.

பயிற்சி ஒன்று போதும். இயல்பான அளவு மூச்சிழுத்து, பற்களுக்கிடையே "ஸ்ஸ்ஸ்" என்று சீராக வெளியே விடுங்கள். கடிகாரம் பார்த்து 20 விநாடி. முதலில் 12 விநாடியில் நின்றாலும் பரவாயில்லை. கவனிக்க வேண்டியது நேரத்தை அல்ல, ஓசையின் சமத்தன்மையை. தொடக்கத்தில் இரைந்து முடிவில் தேய்ந்தால், உங்கள் வாக்கியங்களும் அப்படித்தான் ஒலிக்கும். ஓசை ஒரே மட்டத்தில் ஓடுகிற வரை செய்யுங்கள். தினமும் ஐந்து முறை போதும், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, நம் பத்தியின் நான்காவது வரியை எடுங்கள்: "நடுவில், / கப்பல்கள் கடந்து போவதற்காக / மேலே எழும்பித் திறக்கும் ஒரு பகுதி." இதில் இரண்டு நிறுத்தம், மூச்சு எதுவும் இல்லை. நிறுத்தும் இடத்தில் தொண்டையை இறுக்கி அடைக்காதீர்கள். வாயைப் பாதி திறந்தபடி காற்றை அப்படியே விலாவில் தாங்கிக்கொண்டு நில்லுங்கள். தொண்டையால் அடைத்தால் அடுத்த சொல் "க்கப்பல்கள்" என்று ஒரு சிறு வெடிப்போடு கிளம்பும். அந்த வெடிப்பு கேட்கிறதா என்பதே நீங்கள் எதனால் நிறுத்துகிறீர்கள் என்பதற்கான சோதனை.

மூச்சிழுக்கும் ஓசை பெரிதாகக் கேட்பது இன்னொரு புகார். காற்று நுழையும் வழி குறுகலாக இருப்பதே அதற்குக் காரணம். உதட்டைச் சற்றுத் திறந்து, ஓசையில்லாமல் "ஆ" சொல்வதுபோல் தொண்டையை அகலமாக்கிக்கொண்டு இழுத்தால் ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும். மூக்கு வழியாக இழுப்பது பத்தி இடைவெளிக்கு நல்லது. // அளவு இடைவெளியில் மூக்கை அவசரப்படுத்தினால் உறிஞ்சும் ஓசை வரும்.

சிறு சிறு வாக்கியங்களாக எழுதிவிட்டால் வேறொரு தொல்லை முளைக்கும். "ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம்" போன்ற சிறு வரிக்குப் பாதிக் காற்றுகூடச் செலவாகாது. மிச்சக் காற்றின் மேலேயே அடுத்த மூச்சை இழுத்தால் நாலைந்து வரியில் நெஞ்சு முட்டும், மூச்சுத் திணறுவதுபோல் இருக்கும். காற்றுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்பீர்கள். செய்ய வேண்டியது எதிர்மாறு: // வந்ததும் மிச்சத்தை மெல்ல வெளியே விட்டுவிட்டு, பிறகு சிறிதளவு இழுங்கள். சிறு வரிக்குச் சிறு மூச்சு.

இவ்வளவும் சேர்ந்து எங்கே பயன்படுகிறது என்றால், கடைசி வரியில். "நடுவில் இருந்த தூக்குப் பகுதி / விழவில்லை." நிறுத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "விழவில்லை" என்பதன் நான்கு அசையும் முதல் சொல்லான "நடுவில்" எந்த அளவு ஒலித்ததோ அதே அளவு ஒலிக்க வேண்டும். சுருதி இறங்கலாம், வாக்கியம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒலியளவு இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் காது பிரித்தறியப் பழக, பதிவின் அலைவடிவத்தைப் பாருங்கள்: வாக்கியத்தின் வால் எலிவால் போல மெலிந்திருந்தால் ஒலியளவு விழுந்திருக்கிறது.

உச்சரிப்பு: எங்கே உண்மையில் பொருள் கெடுகிறது

எல்லா எழுத்தையும் அழுத்தி அழுத்திச் சொல்வது தெளிவு ஆகாது. மேடை நாடகம் ஆகும். பொருள் கெடும் இடங்கள் சிலவே. அவற்றில் உழைத்தால் போதும்.

முதலாவது ழ, ள, ல. "புயல் ஊரை அழித்தது" என்பதை "அளித்தது" என்று வாசித்தால் புயல் ஊரை எவருக்கோ கொடுத்துவிட்டது என்றாகும். "அலை"யும் "அழை"யும், "விலக்கு"ம் "விளக்கு"ம் இதே வகை. கடலைப் பற்றிய காணொளியில் அலை, ஆழம், எழும்பு, விழு, நீளம், மீள என்று இவை வரிக்கு வரி வரும்.

ல ஒலிக்க நாக்கு மேற்பல்லின் அடிப்பக்கத்தைத் தொடும். ள ஒலிக்க நாக்கின் நுனி பின்னோக்கி மடங்கி மேலண்ணத்தைத் தொட்டு விலகும். ழ ஒலிக்கவும் நுனி அதே போல் பின்னோக்கி உயரும், ஆனால் எதையும் தொடாது, அந்தரத்தில் நிற்கும். பலருக்கு ழ என்பது ள ஆகிப்போவதற்குக் காரணம் நாக்கு கடைசிக் கணத்தில் தொட்டுவிடுவதுதான்.

தொடுகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "ள்ள்ள்" என்று நீட்டி, நாக்கை அசைக்காமல் ஓசையை மட்டும் நிறுத்தி, அதே நிலையில் காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் குளிர்ச்சி தெரியும், ஏனென்றால் நடுவழி அடைபட்டு, காற்று பக்கங்களில் போகிறது. இப்போது "ழ்ழ்ழ்" நிலையில் அதையே செய்யுங்கள். குளிர்ச்சி நாக்கின் நடுவே தெரிந்தால் ழ சரி. ஓரங்களில் தெரிந்தால் நீங்கள் இன்னும் ள-வில்தான் இருக்கிறீர்கள். நாக்கைச் சற்றுக் கீழே இறக்கி மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் வேறாகவும் இருக்கும் வல்லினம். "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வன்மையாகவும், மெல்லினத்துக்குப் பின் வரும் இரண்டாவது ப மென்மையாகவும் ஒலிக்கும். "பாம்பன்" அதே அமைப்பு. "மண்டபம்" என்பதில் இரண்டு உயிருக்கு இடையே நிற்கும் ப-வும் மெலிந்துதான் வரும். தமிழ்ச் சொற்களில் இது பேசுபவருக்குத் தானாகவே வரும். எண்ணிப் பார்த்துத் திருத்தப் போனால்தான் கெடும்.

தொல்லை கொடுப்பவை வடமொழி, ஆங்கிலச் சொற்கள். "தனுஷ்கோடி"யின் முதல் த "சந்தை"யில் வரும் த போல மெலிந்து ஒலிக்கும்; "தீவு" என்பதன் த வன்மையானது. இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது நாக்கு தடுமாறும். "பாவம்" என்ற சொல் இரக்கத்துக்கு ஒரு ப-வோடும், முகபாவத்துக்கு வேறொரு ப-வோடும் ஒலிக்கிறது; எழுத்து ஒன்றுதான். எனவே முதல் எழுத்து மெலியும் சொற்களை மட்டும் வாசிப்புப் பிரதியில் அடிக்கோடிட்டு வையுங்கள். எல்லாவற்றையும் குறித்தால் பக்கம் முழுக்கக் கோடாகி எதுவும் கண்ணில் படாது.

மூன்றாவது, இரட்டித்த மெய். "திறக்கப்பட்டது" என்ற சொல்லில் க்க, ப்ப, ட்ட என்று மூன்று இரட்டிப்பு அடுத்தடுத்து வருகின்றன. அவசரத்தில் இவை ஒற்றையாகச் சுருங்கி, சொல் குழைந்துபோகும். ஒவ்வொரு இரட்டிப்பிலும் ஒரு கணம் நின்று விடுவிக்க வேண்டும்: திறக்-கப்-பட்-டது. முதலில் அப்படிப் பிரித்து நான்கு முறை, பிறகு சேர்த்து நான்கு முறை. கடைசி "து" குற்றியலுகரம் என்பதால் உதட்டைக் குவித்து "தூ" ஆக்க வேண்டாம். ஆனால் "திறக்கப்பட்டத்" என்று விழுங்கிவிடவும் வேண்டாம்.

ர, ற வேறுபாட்டைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். இன்றைய பேச்சில் பல பகுதிகளில் தனித்து வரும் ர-வும் ற-வும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ற-வை வலிந்து உருட்டினால் செயற்கையாகத்தான் கேட்கும். "காற்று", "சென்றது" என்று ற்ற, ன்ற வரும் இடங்களில் மட்டும் கவனம் இருந்தால் போதும் என்பது எங்கள் கருத்து. அங்கே குழைந்தால் கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பதிவு செய்யும் நேரம்

நம் ஊர் வீடுகளில் முதல் எதிரி மின்விசிறி, இரண்டாவது குளிர்சாதனம், மூன்றாவது வெறும் சுவர். முதல் இரண்டையும் அணைத்துவிட்டு, ஒரு அமர்வை இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியர்வையோடு நாற்பது நிமிடம் இழுத்துப் பிடிப்பதைவிட இரண்டு அமர்வு நல்லது. சுவரின் எதிரொலிக்குத் துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசுவதும், முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுவதும் நல்ல பலன் தரும்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அதாவது 15 முதல் 20 செண்டிமீட்டரில் இருக்கட்டும். நேர் எதிரே வேண்டாம். வாயின் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சாய்வாக வைத்தால் ப, ஃப ஓசைகளின் காற்று பக்கத்தில் போய்விடும். நாற்காலியும் ஒலிவாங்கித் தாங்கியும் நிற்கும் இடங்களைப் பசைநாடாவால் குறித்துவிடுங்கள். மறுநாள் ஒரே ஒரு வரியைத் திருத்தப் போகும்போது இந்தக் குறிதான் காப்பாற்றும்.

பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம். சத்தமாகப் பேசும் இடத்தில்கூட அளவுமானி −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்க வேண்டும். 0-வைத் தொட்டால் ஓசை உடைந்துவிடும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். பிறகு வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது தேவைப்படும்.

தடுமாறினால் பதிவை நிறுத்த வேண்டாம். நாக்கைச் சொடுக்கி ஒரு ஓசை எழுப்புங்கள். அலைவடிவத்தில் அது கூர்முனையாகத் தெரியும், தேட எளிது. இரண்டு விநாடி நின்று, முந்தைய // குறியிலிருந்து முழு வரியையும் மறுபடி வாசியுங்கள். தடுமாறிய சொல்லை மட்டும் திரும்பச் சொன்னால், ஒட்டும்போது சுருதி பொருந்தாமல் தையல் தெரியும். Audacity பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் வசதி உண்டு: தவறுக்கு முன் உள்ள இடைவெளியில் சுட்டியை வைத்து Shift+D அழுத்தினால் (பட்டியலில் Punch and Roll Record) முந்தைய சில விநாடி ஒலித்துவிட்டு அங்கிருந்து பதிவு தொடரும். காதில் ஒலிக்கும் வேகத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். இதற்குக் காதுக்கருவி கட்டாயம், இல்லாவிட்டால் பழைய குரலும் சேர்ந்து பதிவாகும்.

வாய் உலர்ந்தால் சொல்லுக்குச் சொல் "டிக்" என்று ஒட்டும் ஓசை வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு சாதாரணத் தண்ணீர் குடியுங்கள். பதிவுக்கு முன் பால், தயிர், ஐஸ் தண்ணீர் பலருக்குத் தொண்டையைக் கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசியோடும் உட்கார வேண்டாம். வயிற்றின் கடமுடா ஓசையை ஒலிவாங்கி தவறாமல் பிடிக்கும்.

வெட்டும்போது மூச்சை என்ன செய்வது

மூச்சோசை முழுவதையும் வெட்டி எறியும் ஆசை வரும். அப்படிச் செய்த குரல் எங்கோ மூச்சே விடாத பொம்மை பேசுவதுபோல் இருக்கும், கேட்பவருக்கு ஏனென்று தெரியாமலே நெஞ்சு இறுகும். // இடத்து மூச்சுகளை அழிக்காமல் 6 முதல் 10 டெசிபெல் குறைத்தால் போதும். வரிக்கு நடுவே தவறி வாங்கிய மூச்சை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பதிவு செய்து வைத்த அறை அமைதியை ஒட்டுங்கள். வெறும் சூனியத்தை விட்டால் அங்கே குழி விழுந்ததுபோல் கேட்கும்.

இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் முதலில் கெடுவது வாக்கியத்தின் வால்தான், ஏனென்றால் அங்கேதான் குரல் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய "வில்லை"யை மென்பொருள் தின்றுவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் கைப்பேசி ஒலிபெருக்கியில், ஒலியைப் பாதியாக வைத்து, மின்விசிறி ஓடும் அறையில் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நம் பத்தி என்றால் திறக்கப்பட்டது, நீளம், தீவு, பகுதி, டிசம்பர், போயின, விழவில்லை என்ற ஏழும் வர வேண்டும். எந்தச் சொல்லுக்கு அவர் பேனா தயங்குகிறதோ, அந்த வரியை அதன் முந்தைய // குறியிலிருந்து மறுபடி பதிவு செய்யுங்கள்.